ஒயினும் இளைப்பும்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனில் ஒரு மருந்துக்கடையில் பல வருடங்களாக மருந்தாளராக வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை காலையில் கடைக்கு வருகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் சிலர் எப்போதும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, நல்ல இருமல் மருந்து ஒன்று கொடுங்கள்." சனிக்கிழமை இரவு என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்டால் சற்றுத் தயங்குவார்கள். ஊரில் குடிக்காதவர்கள் இங்கே அலுவலக விருந்தில் முதல்முறையாக ஒயின் கிளாஸைக் கையில் எடுத்திருப்பார்கள். அதைச் சொல்ல வெட்கம். பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகியதற்கும் அந்த கிளாஸுக்கும் தொடர்பு இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. குளிர்காற்று, பயண அலுப்பு, ஏசி என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள்.

தொடர்பு இருக்கிறது. எல்லோருக்கும் இல்லை, ஆஸ்துமாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு. உங்களுக்கு இருக்கிறதா, இருந்தால் எதனால், அதற்கு என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். குடிக்கலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மூச்சைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில், அந்த வாடை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இனிப்பு சேர்ந்த வெள்ளை ஒயின் பாட்டிலை அப்போதுதான் திறந்து, கிளாஸில் ஊற்றி, மூக்கருகே கொண்டுபோனால் சில சமயம் தீக்குச்சியை உரசி அணைத்தது போல ஒரு நெடி மூக்கின் உள்பக்கம் சுருக்கென்று குத்தும். நம்மில் இளைப்பு உள்ளவர்களுக்கு இந்த நெடி புதிதல்ல. தீபாவளி விடியலில் தெரு முழுக்கச் சரவெடி வெடித்து முடித்த பிறகு காற்றில் நிற்குமே, அதில் இருக்கும் அதே வாயுதான். கந்தகம் எரியும்போது வரும் கந்தக டையாக்சைடு. வெடிப்புகையில் யாருக்கெல்லாம் நெஞ்சு இறுகியதோ, அவர்களில் சிலருக்கு ஒயினும் அதே வேலையைச் செய்கிறது.

ஒயினுக்குள் அது எப்படி வந்தது? திராட்சைச் சாறு காற்றில் பட்டுக் கெடாமலும், வேண்டாத நுண்ணுயிர்கள் வளராமலும் இருக்க, ஒயின் செய்கிறவர்கள் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற உப்பையோ, கந்தக டையாக்சைடையோ சேர்க்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்கு மொத்தமாக சல்ஃபைட் என்று பெயர். நொதிக்கும்போது ஈஸ்ட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் உண்டாக்கிவிடுகிறது. அதனால்தான் "சல்ஃபைட் சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய பாட்டிலில்கூட அது அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஒயின் புளிப்பானது. புளிப்பில் சல்ஃபைட்டின் ஒரு பகுதி வாயுவாக மாறத் துடித்துக்கொண்டிருக்கும். கிளாஸிலிருந்தும், வாயிலிருந்தும், வயிற்று அமிலத்தில் கலந்த பிறகு ஏப்பத்தோடும் அந்த வாயு மேலே வருகிறது. விழுங்கும்போதே அதில் கொஞ்சம் மூச்சோடு உள்ளே போய்விடும். ஆரோக்கியமான நுரையீரலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் ஆஸ்துமாக் குழாய்களில் பட்டால், அங்குள்ள நரம்பு முனைகள் உடனே உறுத்தலை உணர்ந்து, குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் இந்த வகை இளைப்பு வேகமாக வருகிறது. உணவு செரித்து ரத்தத்தில் கலக்கும்வரை அது காத்திருப்பதில்லை. சிலருக்கு உடலில் சல்ஃபைட்டை முறிக்கும் நொதி குறைவாக இருப்பதும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது, இது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல என்பதுதான். வேர்க்கடலை ஒவ்வாமை போல நோய் எதிர்ப்பு மண்டலம் கிளம்பி வருவதில்லை, ஓர் உறுத்தல் மட்டுமே நடக்கிறது. எனவே வழக்கமான தோல் குத்துச் சோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் உங்களுக்கு இந்தத் தொல்லை இருக்கலாம். ஒவ்வாமைக்குப் போடும் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஒயின் குடிப்பதும் பாதுகாப்பு ஆகாது.

அடுத்து, பம்பைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பேசுங்கள்

இங்கே இன்ஹேலரை யாரும் இன்ஹேலர் என்று சொல்வதில்லை, "பம்ப்" என்பார்கள். உடனடி நிவாரணத்துக்கான சால்ப்யூட்டமால் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். வெளியே விருந்துக்குப் போகும்போது அது சட்டைப் பையில் இருக்கவேண்டும், காரிலோ வீட்டு மேசையிலோ இருந்து பயனில்லை.

இன்னொரு பம்ப் இருக்கிறது. தினமும் எடுக்கவேண்டிய ஸ்டீராய்டு பம்ப். வந்த புதிதில் பலர் ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்ததும் அதை விட்டுவிடுகிறார்கள். "மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். குழாய்களின் வீக்கம் அடங்காமல் இருக்கும்போதுதான் சிறிதளவு கந்தக வாயுவும் பெரிய இறுக்கத்தை உண்டாக்குகிறது. ஒயினைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல பம்ப் தேவைப்படுகிறதா, இரவில் இருமி எழுந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் முதலில் மருத்துவரிடம் போய் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அதற்கு முன் செய்யும் எந்த ஆராய்ச்சியும் உங்களைக் குழப்பும்.

மூன்றாவதாக, கடிகாரத்தையும் கிளாஸையும் எழுதுங்கள்

இங்கேதான் ஒருவருடைய கதையை விரிவாகச் சொல்லவேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து உம்லங்காவில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பி. சின்ன வயதிலிருந்து இளைப்பு உண்டு. கல்லூரிக் காலத்தில் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை அலுவலக நண்பர் வீட்டில் பிராய் விருந்து. பிராய் என்பது விறகிலோ கரியிலோ இறைச்சி சுடும் இந்நாட்டு வழக்கம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் பையோடு வரும் குளிர்ந்த, லேசாக இனிக்கும் வெள்ளை ஒயினை ஒருவர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அரை கிளாஸ்தான் குடித்தார். பத்து நிமிடத்தில் தொண்டையில் கரகரப்பு, அடுத்து அடக்கமுடியாத வறட்டு இருமல், பிறகு மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம். பம்ப் வீட்டில் இருந்தது. நண்பரின் மனைவியிடம் இருந்த பம்பை வாங்கி அடித்துத் தப்பித்தார்.

திங்கட்கிழமை என்னிடம் வந்து இருமல் மருந்து கேட்டார். நான் ஒரு தாளைக் கொடுத்து, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து குடித்ததையெல்லாம் நினைவுபடுத்தி எழுதச் சொன்னேன். என்ன பானம், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, கூடவே என்ன சாப்பிட்டார், பக்கத்தில் புகை இருந்ததா.

அவர் எழுதியது இது. பிராயில் வெள்ளை ஒயின்: பத்து நிமிடம், கடும் இளைப்பு. அதற்கு முன்பு ஓர் உணவகத்தில் சிவப்பு ஒயின் ஒரு கிளாஸ்: லேசாக நெஞ்சு பிடித்தது, தானாகப் போய்விட்டது. கிங்ஸ்மீட் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தபோது பீர்: ஒன்றுமில்லை. ஒரு பிறந்தநாளில் பிராந்தியும் கோலாவும்: ஒன்றுமில்லை. தாளின் அடியில், கேட்காமலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் காரில் போனபோது பளிச்சென்ற ஆரஞ்சு நிற உலர்ந்த பாதாமிப் பழம், அதாவது ஏப்ரிகாட், ஒரு கை தின்றதும் அரை மணி நேரம் இருமல். காரின் ஏசியால் வந்தது என்று அப்போது நினைத்தாராம்.

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது

உலர்ந்த பழம் அப்படிப் பளிச்சென்று இருப்பதற்குக் காரணமே கந்தக டையாக்சைடு. அது போடாத ஏப்ரிகாட் வெல்லம்போலப் பழுப்பாக இருக்கும். உலர் ஏப்ரிகாட்டில் ஒரு கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஐரோப்பியச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த உச்ச அளவில் இருக்கும் பழத்தை 50 கிராம் தின்றால் 100 மில்லிகிராம். ஒப்பிட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 140 மில்லிகிராம் உள்ள வெள்ளை ஒயின் 150 மில்லி கிளாஸில் 21 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு 49 மில்லிகிராம். இரண்டரை கிளாஸுக்கு முன்பே அதைத் தாண்டிவிடலாம். ஆனால் அது பொதுமக்களுக்கான எல்லை. சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரருக்கு அதைவிடக் குறைவான அளவே போதும், அரை கிளாஸ்கூட.

பழத்தில் இருப்பதன் பெரும்பகுதி பழச் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும், ஒயினில் இருப்பது எளிதாக வாயுவாகும். அதனால் "ஏப்ரிகாட் தின்று ஒன்றும் ஆகவில்லையே, அப்படியானால் எனக்கு சல்ஃபைட் பிரச்சினை இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தின்று இருமல் வந்திருந்தால் அது ஒரு சாட்சி. வராவிட்டால் அது எதையும் நிரூபிக்காது. சோதித்துப் பார்க்கவென்று இப்போது வாங்கித் தின்னவும் வேண்டாம். பழைய நினைவைக் கிளறினால் போதும்.

பானங்களில் வெள்ளை அதிகம் தாக்கி, சிவப்பு குறைவாகத் தாக்கினால் சல்ஃபைட் பக்கம் சாய்வது நியாயம். பொதுவாக வெள்ளையில், அதிலும் இனிப்பு மிச்சமிருக்கும் வெள்ளையில், அதிகம் சேர்க்கவேண்டியிருக்கிறது. அட்டைப்பெட்டிப் பைகளில் பாட்டிலைவிடக் காற்று எளிதாக உள்ளே கசியும். அதை ஈடுகட்டவும் கூடுதலாகப் போடுகிறார்கள். அந்தத் தம்பியின் கிளாஸில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

மாறாக, வெள்ளை ஒன்றும் செய்யாமல் சிவப்பு மட்டும் மூக்கை அடைத்து, முகத்தைச் சூடாக்கி, நெஞ்சைப் பிடித்தால் ஹிஸ்டமின் என்ற பொருளின்மேல் சந்தேகம் வைக்கலாம். சிவப்பு ஒயினின் நொதிப்பின்போது பாக்டீரியா உண்டாக்குவது அது.

பீர் தனிக்கதை. பெரும்பாலான பீரில் சல்ஃபைட் ஒயினைவிட மிகக் குறைவு. எனவே பீர் மட்டும் தொல்லை தந்தால் பார்லி, கோதுமை, ஈஸ்ட் போன்ற தானியப் பொருட்களுக்கான உண்மையான ஒவ்வாமையா என்று பார்க்கவேண்டும். அதில் பெரும்பாலும் மூச்சோடு சேர்ந்து தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், வயிற்றுப் புரட்டல் வரும். இங்கே தோல் குத்துச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. இந்த வகையில் ஒரு வாய் பீரைக் குடித்துப் பார்க்கிறேன் என்ற விளையாட்டே கூடாது.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. எதைக் குடித்தாலும், வடித்தெடுத்த ஜின் ஆனாலும் வோட்கா ஆனாலும், மூக்கடைத்து நெஞ்சு இறுகும். வடித்த மதுவில் சல்ஃபைட்டும் ஹிஸ்டமினும் அநேகமாக இருக்காது. (ஜின்னில் ஊற்றும் எலுமிச்சைக் கார்டியலில் சல்ஃபைட் இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஜின்னைப் பழி சொல்லக்கூடாது.) இப்படிப்பட்டவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒயினைப் பற்றியதாக இருக்காது: "மூக்கில் சதை வளர்ந்து அறுவை செய்திருக்கிறார்களா? வாசனை தெரிகிறதா? ஆஸ்பிரின் போட்டு இளைப்பு வந்திருக்கிறதா?" ஆஸ்பிரினால் மோசமாகும் ஒரு வகை ஆஸ்துமா உண்டு. அதில் பெரும்பாலானோருக்கு மதுவே மூச்சுத் தொல்லை தருகிறது. இவர்களுக்குப் பெரிய ஆபத்து மறுநாள் காலையில் காத்திருக்கிறது. இங்கே பெட்டிக்கடையிலும் கிடைக்கும் தலைவலிப் பொடிப் பாக்கெட்டுகளில் ஆஸ்பிரின் உண்டு. இரவு குடித்துவிட்டுக் காலையில் தலைவலிக்கு அதைக் கொட்டிக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சந்தேகம் இருக்கிறவர்கள் பாராசிட்டமால் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கிழக்காசியர்கள் பலருக்கு மதுவை முறிக்கும் ஒரு நொதி பரம்பரையாகவே பலவீனமானது. முகம் சிவந்து, அவர்களில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பும் வரும். நம்மவர்களிடம் அது அரிது, அதனால் கடந்துபோகிறேன்.

பிராய் விருந்தில் குற்றவாளி பலர்

தாளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அன்றைக்கு அந்தத் தம்பி தின்ற பூரவோர்ஸ் என்ற நீண்ட சுருள் தொத்திறைச்சியிலும் பாதுகாப்புக்காகக் கந்தக டையாக்சைடு சேர்ப்பதுண்டு. பக்கத்தில் விறகுப் புகை. இரவுக் குளிர்காற்று. நண்பர்களோடு வாய்விட்டுச் சிரிப்பு, அதுவே சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். இத்தனைக்கு நடுவில் ஒயினை மட்டும் பிடித்துத் தண்டிப்பது சரியல்ல.

மக்கள் சொல்வதையும் சோதனை சொல்வதையும் ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஒயின் குடித்தால் இளைப்பு வருகிறது என்று தாங்களே சொன்ன 24 ஆஸ்துமாக்காரர்களுக்கு அதிக சல்ஃபைட் உள்ள ஒயினைக் கொடுத்து மூச்சை அளந்தார்கள். முடிவு 2001-இல் வெளியானது. 4 பேருக்குத்தான் மூச்சுக்குழாய் கணிசமாக இறுகியது. மற்ற 20 பேரும் பொய் சொன்னார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். அன்று அவர்களின் ஆஸ்துமா அடங்கியிருந்திருக்கலாம், அல்லது வேறு பொருளோ வேறு சூழலோ காரணமாக இருந்திருக்கலாம். லேபிளில் சல்ஃபைட் என்ற சொல்லைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியடைகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எனவே தாளில் ஒரே மாதிரி நிகழ்வு இரண்டு மூன்று முறை, வெவ்வேறு இடத்தில், புகை இல்லாத இடத்திலும், அரை மணி நேரத்துக்குள் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். மறுநாள் காலையில் வந்த இளைப்பை ஒயின் கணக்கில் எழுதவேண்டாம். அதற்கு நெஞ்செரிச்சல், தூக்கம் கெட்டது, இரவில் பம்ப் எடுக்க மறந்தது என்று வேறு வழிகள் உண்டு.

நான்காவதாக, அளந்து பார்க்கும் குழல்

பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய பிளாஸ்டிக் குழல் மருந்துக்கடையில் கிடைக்கும். மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி வைத்து, ஒரே வேகத்தில் ஊதவேண்டும். மூன்று முறை ஊதி, மிகப் பெரிய எண்ணை எழுதுங்கள். காலையும் இரவும் இரண்டு வாரம் எழுதினால் உங்கள் சொந்த உச்ச அளவு தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடவேண்டாம், உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ப அது மாறும்.

அந்தத் தம்பிக்கு முதல் வாரம் காலை அளவு 430-ஐச் சுற்றியே நின்றது. மருத்துவர் தினசரிப் பம்பைத் தொடங்கிக் கொடுத்து நான்கு வாரம் ஆனதும் 520. அதாவது பிராய் நடந்த நாளில் அவர் ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு மூச்சை இழந்த நிலையில்தான் கிளாஸைத் தூக்கியிருக்கிறார், தனக்கே தெரியாமல்.

இடையில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்தில், தெரியாமல் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்த பழ ஸ்குவாஷ் குடித்துவிட்டார். நெஞ்சு இறுகியதும் பையில் இருந்த குழலை எடுத்து ஊதினார்: 390. உச்சத்திலிருந்து கால் பங்கு குறைவு. நீல பம்ப் எடுத்துப் பதினைந்து நிமிடத்தில் 490. இந்த மூன்று எண்கள் மருத்துவருக்குப் பத்து நிமிட விளக்கத்தைவிடப் பயன்பட்டன. பானத்தில் மது ஒரு சொட்டும் இல்லை என்பதால் மது மேல் இருந்த சந்தேகமும் விலகியது.

ஐந்தாவதாக, சோதனை மருத்துவமனையில் மட்டும்

வீட்டில் ஒயினை ஊற்றி, பம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரிசோதிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். சல்ஃபைட்டால் உயிர் போகும் அளவுக்கு இளைப்பு வந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன.

மூச்சு நிபுணர் அல்லது ஒவ்வாமை நிபுணர் செய்யும் முறை இப்படி இருக்கும். முதலில் ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து, முதல் வினாடியில் வெளியேறும் காற்றை அளப்பார்கள். பிறகு புளிப்பான பானத்தில் கரைத்த மெட்டாபைசல்ஃபைட்டைச் சில மில்லிகிராமில் தொடங்கி, இடைவெளி விட்டுப் படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஊதவேண்டும். அளவு 20 சதவீதம் குறைந்தால் நிறுத்திவிட்டு மருந்து கொடுப்பார்கள். இன்னொரு நாள் அதே சுவையில் சல்ஃபைட் இல்லாத பானம். எது எந்த நாள் என்று நோயாளிக்குத் தெரியாது. பயத்திலேயே நெஞ்சு இறுகுகிறதா என்பதைப் பிரித்தறியத்தான் இந்த ஏற்பாடு. நம் தம்பிக்கு 50 மில்லிகிராம் கட்டத்தில் 3.2 லிட்டராக இருந்தது 2.5 ஆனது. வெறும் பானம் கொடுத்த நாளில் அளவு அசையவில்லை. கேள்விக்கு விடை கிடைத்தது.

லேபிளில் பார்க்கவேண்டியது

லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஒயின் பாட்டிலில் "கன்டெய்ன்ஸ் சல்ஃபைட்ஸ்" என்று எழுதியாகவேண்டும். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் "பெவாட் சல்ஃபிடெ" என்றும் இருக்கும். பெரும்பாலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில். இந்த வரி 12 மில்லிகிராம் உள்ள பாட்டிலிலும் இருக்கும், 180 உள்ளதிலும் இருக்கும். எவ்வளவு என்று சொல்லாததுதான் இதன் குறை. எனவே சோதனையில் உறுதியானவர்களுக்கு "குறைவான சல்ஃபைட்", "ஆர்கானிக்" என்ற சொற்களை நம்பி வாங்கச் சொல்லமாட்டேன். ஆர்கானிக் என்பது திராட்சை எப்படி வளர்ந்தது என்பதைத்தான் முதலில் சொல்கிறது.

கிளாஸைச் சுழற்றினால் போய்விடும், பாட்டிலை ஒரு மணி நேரம் திறந்துவைத்தால் போய்விடும் என்பவை பாதி உண்மை. மேலே நிற்கும் நெடி கொஞ்சம் குறையும். கரைந்திருப்பதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். சொட்டு விட்டால் சல்ஃபைட்டை நீக்கும் என்று விற்கிறார்களே, அதை நம்பி ஆஸ்துமாக்காரர் கிளாஸைத் தூக்கக்கூடாது.

மற்ற உணவுகளில் 220 முதல் 228 வரையிலான எண்களைத் தேடுங்கள். முன்னால் ஓர் 'இ' எழுத்து இருக்கலாம். 223 சோடியம் மெட்டாபைசல்ஃபைட், 224 பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். ஸ்குவாஷ், கார்டியல், உலர் பழம், தொத்திறைச்சி, பாட்டில் எலுமிச்சைச் சாறு, சில வினிகர்கள். வீட்டுச் சமையலில் ஊறுகாய்க்குப் பாட்டில் சாறு ஊற்றுகிறவர்கள் அதையும் திருப்பிப் பாருங்கள்.

இளைப்பு வந்துவிட்டால்

கிளாஸைக் கீழே வையுங்கள். புகையிலிருந்து விலகி நிமிர்ந்து உட்காருங்கள், படுக்கவேண்டாம். நீல பம்பை ஸ்பேசர் என்ற குடுவையில் பொருத்தி, ஒவ்வொரு அழுத்தாக எடுங்கள். ஒரு அழுத்து, நான்கைந்து மூச்சு, பிறகு அடுத்தது. நான்கிலிருந்து பத்து அழுத்து வரை எடுக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பவும் எடுக்கலாம். வாந்தி எடுக்க முயலவேண்டாம். அது கந்தக வாயுவை மறுபடி தொண்டைக்குக் கொண்டுவரும்.

ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பம்ப் கேட்கவில்லை, அல்லது கேட்டும் சற்று நேரத்தில் இளைப்பு திரும்புகிறது என்றால் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. விசில் சத்தம் திடீரென்று நின்று ஆள் சோர்ந்துபோனால் நிம்மதி கொள்ளாதீர்கள். காற்று போய்வருவதே நின்றுவிட்டது என்று அர்த்தம் ஆகலாம். தோல் தடிப்பு, தொண்டை வீக்கம், மயக்கம் சேர்ந்து வந்தால் அது முழு ஒவ்வாமை அதிர்ச்சி. அட்ரினலின் ஊசி வேண்டும். குடித்தவர் தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவது எந்த நிலையிலும் கூடாது.

கடைசியாக, பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்

சோதனையில் சல்ஃபைட் உறுதியானவர்கள் ஒரு சீட்டில் அதை ஆங்கிலத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள உணவகத்தில் காட்டவும் உதவும். ஆனால் அதைவிட முக்கியம் பல் மருத்துவர். மரத்துப்போகப் போடும் ஊசிமருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால், அது கெடாமலிருக்க மெட்டாபைசல்ஃபைட்டும் இருக்கும். சொன்னால் அட்ரினலின் இல்லாததை எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதையும் அதே சீட்டில் எழுதச் சொல்கிறேன்: உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சியில் அட்ரினலின் ஊசியிலும் சிறிது சல்ஃபைட் இருக்கும், ஆனாலும் அதைப் போட்டே ஆகவேண்டும், தயங்கக்கூடாது. நம் தம்பியின் பணப்பையில் அந்தச் சீட்டு இருக்கிறது. முன்பக்கம் முதல் செய்தி, பின்பக்கம் இந்த விலக்கு, கீழே அவருடைய உச்ச அளவு 520.